இன்ச்சுக்கு நடுவே உள்ள கோடுகள்: ஜன்னல் கண்ணாடிக்கு அளவெடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

டேப்புல இன்ச் பக்கம் முழுக்க சின்னச் சின்னக் கோடா இருக்கு. எது என்ன கோடு?

கோட்டின் உயரத்தைப் பாருங்கள். கோத்தகிரியில் கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் என் கடைக்கு முதல்முறை அளவெடுத்து வருபவர்களிடம் நான் சொல்வதும் அதுதான். எண்ணிக்கையெல்லாம் பிறகு.

இரண்டு இன்ச் எண்களுக்கு நடுவே, சரிபாதியில், மற்றவற்றைவிட நீளமாக ஒரு கோடு இருக்கும். அது அரை. அந்த அரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதைவிடக் கொஞ்சம் குட்டையாக இரண்டு கோடுகள்: கால், முக்கால். கால் இன்ச்சுகளை மறுபடி பாதியாக்கினால் இன்னும் குட்டையாக நான்கு கோடுகள் கிடைக்கும். அவை அரைக்கால் கோடுகள், அதாவது 1/8. எல்லாவற்றையும்விடக் குட்டையாக மிஞ்சி நிற்கும் எட்டுக் கோடுகள் 1/16. பழைய கணக்கில் அதற்கு வீசம் என்று பெயர், மாகாணி என்றும் சொல்வார்கள்.

அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் போகும் அந்தப் பழைய வாய்ப்பாடுதான் டேப்பில் அப்படியே கோடாகக் கிடக்கிறது. பாட்டி காலத்து அரிசிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இன்ச் டேப் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். பத்துப் பத்தாகப் பிரித்தே பழகிய பள்ளிப் பிள்ளைகள்தான் தடுமாறுகிறார்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சரிபாருங்கள். உங்கள் டேப்பில் ஒரு இன்ச்சுக்குள் எத்தனை கட்டம் இருக்கிறது? 16 இருந்தால் மேலே சொன்னபடி. 8 மட்டும் இருந்தால் குட்டைக் கோடே 1/8. சில டேப்பில் முதல் ஒரு அடிக்கு மட்டும் 32 கட்டம் போட்டிருப்பார்கள். அங்கே குட்டைக் கோடு 1/32. அதைத் தெரியாமல் 1/16 என்று எண்ணினால் சின்ன அளவெல்லாம் இரட்டிப்பாகிவிடும்.

ஆசாரி "அஞ்சு நூல்" என்கிறார். டேப்பில் நூல் எங்கே இருக்கு?

எழுதியிருக்காது. நூல் என்பது ஒரு இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. ஆக 2 நூல் கால் இன்ச், 4 நூல் அரை, 6 நூல் முக்கால், 8 நூல் ஒரு இன்ச். அஞ்சு நூல் என்றால் 5/8, அரைக் கோட்டைத் தாண்டி அடுத்த அரைக்கால் கோடு. கம்பிக் கடையில் 10 மி.மீ. கம்பியை "3 நூல் கம்பி" என்பதும் இந்த நூல்தான்.

குட்டைக் கோட்டில் அளவு விழுந்தால் அரை நூல் சேரும். 1/16 அரை நூல், 3/16 ஒன்றரை நூல், 5/16 இரண்டரை நூல். வீட்டு வேலைக்கு இதற்குக் கீழே போக வேண்டியதில்லை. பென்சில் கோட்டின் தடிமனே கால் நூலை விழுங்கிவிடும்.

என்னைக் கேட்டால் புதிதாகக் கற்பவர்கள் பின்னத்தை விட்டுவிட்டு நூலிலேயே யோசிப்பது நல்லது. 5/8 பெரிதா 9/16 பெரிதா என்று கேட்டால் பலர் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். ஐந்து நூல் பெரிதா நாலரை நூல் பெரிதா என்று கேட்டால் யாரும் யோசிப்பதில்லை.

கவனமாத்தான் எண்ணுறேன், ஆனாலும் ஒரு கோடு கூடுது இல்ல குறையுது. ஏன்?

பெரும்பாலும் இன்ச் கோட்டையே "ஒன்று" என்று எண்ணத் தொடங்குவதால். எண்ண வேண்டியது கட்டங்களை. 14 என்ற கோட்டில் நிற்கும்போது நீங்கள் பூஜ்யத்தில் நிற்கிறீர்கள், அதற்கு அடுத்த கோடுதான் ஒன்று. 16 கட்டங்களுக்கு நடுவே 15 கோடுதான் இருக்கும் என்பது நினைவில் இருந்தால் இந்தத் தப்பு வராது.

அதைவிட, ஆரம்பத்திலிருந்து எண்ணுவதையே விட்டுவிடுங்கள். பதினொன்று வரை எண்ணுவதற்குள் கண் வழுக்கிவிடும். முதலில் கிட்டே இருக்கும் பெரிய கோட்டைப் பிடியுங்கள். அரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டைக் கோடு தள்ளி விழுந்தால் நாலரை நூல். முக்காலுக்கு ஒரு குட்டைக் கோடு குறைவாக விழுந்தால் ஐந்தரை நூல். எந்த அளவும் அருகிலுள்ள அரை, கால், முக்கால் அல்லது முழு இன்ச்சிலிருந்து இரண்டு கட்டத்துக்கு மேல் தள்ளி இருக்க முடியாது.

பார்க்கும் கோணமும் காரணமாகலாம். டேப் நடுவில் குழிந்து, ஓரம் மரத்தை விட்டு எழும்பி நிற்கும். சாய்ந்து பார்த்தால் கோடு பக்கத்துக் கோட்டின் மேல் விழுந்ததுபோலத் தெரியும். டேப்பை லேசாகச் சாய்த்து, இன்ச் ஓரம் மரத்தைத் தொடும்படி வைத்து, கோட்டுக்கு நேர் எதிரே கண்ணைக் கொண்டுபோய்ப் படியுங்கள். நம் ஊர் மூட்டத்தில் நாலு மணிக்கே வீட்டுக்குள் இருட்டிவிடும். டார்ச் இல்லாமல் குட்டைக் கோட்டைப் படிக்காதீர்கள்.

டேப் நுனியில இருக்கிற கொக்கி ஆடுது. தட்டி இறுக்கிடலாமா?

வேண்டாம். அது ஆடுவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். கொக்கித் தகட்டுக்கு ஒரு தடிமன் உண்டு. பலகை ஓரத்தில் மாட்டி இழுக்கும்போது தகட்டின் உள்பக்கம் பூஜ்யம். சுவரில் முட்டி அளக்கும்போது தகட்டின் வெளிப்பக்கம் பூஜ்யம். இரண்டும் சரியாக வர, கொக்கி தன் தடிமன் அளவுக்கு முன்னும் பின்னும் நகர வேண்டும். இறுக்கிவிட்டால் இரண்டில் ஒன்று எப்போதும் தப்பாக வரும்.

ஆனால் டேப் கீழே விழுந்து கொக்கி வளைந்திருக்கலாம், ஓட்டையில் காய்ந்த லப்பம் அடைத்து நகராமல் போயிருக்கலாம். சோதிக்க ஒரு பலகை போதும். கொக்கியை ஓரத்தில் மாட்டி இழுத்து 10 இன்ச்சில் ஒரு கீறல் போடுங்கள். அடுத்து கொக்கியை விட்டுவிட்டு, டேப்பின் 1 இன்ச் கோட்டை அதே ஓரத்தில் வைத்து 11-க்கு நேரே பாருங்கள். பழைய கீறலிலேயே விழ வேண்டும். பிறகு பலகையைச் சுவரோடு முட்ட வைத்து, டேப்பையும் சுவரில் முட்டிப் பாருங்கள். அப்போதும் 10 அதே கீறலில் நிற்க வேண்டும். அரை நூல் தள்ளினால் கொக்கியைச் சுத்தம் செய்து, நேராக்கி மறுபடி பாருங்கள்.

கொக்கி கெட்டிருந்தால், நுனியை விட்டு 10 இன்ச் கோட்டிலிருந்து அளந்து, கடைசியில் 10-ஐக் கழிக்கலாம். நான் முன்பெல்லாம் 1 இன்ச்சிலிருந்துதான் அளப்பேன். ஒரு நாள் கழிக்க மறந்து, ஒரு தோட்டத்து பங்களாவுக்கு ஆறு கண்ணாடியையும் ஒவ்வொரு இன்ச் பெரிதாக வெட்டிக்கொண்டு போய் நின்றேன். பெரிதாகப் போனதால் திரும்ப வெட்ட முடிந்தது, கூலிதான் போயிற்று. 10-லிருந்து அளந்தால் கழிக்க மறந்தாலும் வரும் எண்ணைப் பார்த்த உடனே இது நம் ஜன்னல் இல்லை என்று தெரிந்துவிடும்.

மர ஜன்னல்ல ஒரு கண்ணாடி உடைஞ்சு போச்சு. என்ன அளவு எடுத்துட்டு வரணும்?

முதலில் உடைந்த துண்டுகளையும் பழைய லப்பத்தையும் முழுதாகச் சுரண்டி எடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. கண்ணாடி உட்காரும் பள்ளத்தின் மரம் தெரிய வேண்டும். மூலையில் ஒரு கட்டி லப்பம் மிஞ்சியிருந்தால் நீங்கள் அளப்பது அந்தக் கட்டியையும் சேர்த்துத்தான்.

அளக்க வேண்டியது வெளிச்சம் வரும் திறப்பை அல்ல, பள்ளத்தின் சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை. திறப்பை அளந்துவந்து வெட்டினால் கண்ணாடி நிற்க இடமில்லாமல் அந்தப் பக்கம் விழுந்துவிடும். இது மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்கிறது.

போன மாதம் பக்கத்து ஹட்டியிலிருந்து ஒரு அக்கா கொண்டுவந்த சீட்டை அப்படியே எடுத்துக்கொள்வோம். பழைய மர ஜன்னல், ஒரு சட்டத்தில் ஒரு கண்ணாடி. அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் எடுத்திருந்தார். மேலே 14 இன்ச் 3 நூல், நடுவே 14 இன்ச் இரண்டரை நூல், கீழே 14 இன்ச் 2 நூல். உயரம் இடப்பக்கம் 20 இன்ச் ஆறரை நூல், வலப்பக்கம் 20 இன்ச் 6 நூல். நல்ல சீட்டு. பழைய சட்டம் எதுவும் நான்கு பக்கமும் ஒரே அளவாக இருப்பதில்லை.

இதில் சராசரி போடக் கூடாது. ஒவ்வொரு திசையிலும் சின்ன அளவை எடுக்க வேண்டும். அகலம் 14 இன்ச் 2 நூல், உயரம் 20 இன்ச் 6 நூல். கண்ணாடி இறுக்கமாக நுழையக் கூடாது என்பதால் ஒவ்வொன்றிலும் 1 நூல் குறைக்கிறோம். அது பக்கத்துக்கு அரை நூல் இடைவெளி. மழையில் மரம் ஊதும்போது கண்ணாடியை நெரிக்காமல் இருக்கவும், லப்பம் உள்ளே போகவும் அந்த இடம் வேண்டும். ஆக வெட்ட வேண்டியது 14 இன்ச் 1 நூல் அகலம், 20 இன்ச் 5 நூல் உயரம்.

பிறகு மூலைக்கு மூலை குறுக்கே அளக்கச் சொன்னேன். ஒரு குறுக்கு 25 இன்ச் 2 நூல், மறு குறுக்கு 25 இன்ச் 1 நூல். சட்டம் கொஞ்சம் கோணியிருக்கிறது என்று அர்த்தம். இந்த அளவுள்ள சட்டத்தில் வித்தியாசம் 1 நூலுக்குள் இருந்தால் நாம் விட்ட இடைவெளியே தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் எந்த எண்ணும் உதவாது. தடித்த அட்டையைப் பள்ளத்துக்குள் சரியாக உட்காரும்படி வெட்டிக் கொண்டுவாருங்கள், அதைப் பார்த்து வெட்டிவிடலாம்.

பள்ளத்துக்குள்ள டேப் மூலையில வளைஞ்சிடுது. கடைசி அளவு எப்படிப் படிக்கிறது?

வளைந்த இடத்தில் படிப்பது ஊகம்தான், இரண்டு நூல்கூடத் தப்பும். டேப் பெட்டியின் நீளத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், பல டேப்பில் பெட்டியின் மேலேயே அது எழுதியிருக்கும். ஆனால் சின்னப் பள்ளத்தில் பெட்டி ஒழுங்காக உட்காராது.

இரண்டு ஒல்லியான ரீப்பர் துண்டுகளை எடுங்கள். ஒவ்வொன்றும் பள்ளத்தின் பாதிக்கு மேல் நீளம் இருக்க வேண்டும், முழு நீளம் இருக்கக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒன்றை இடச்சுவரிலும் மற்றதை வலச்சுவரிலும் முட்டத் தள்ளி, இரண்டிலும் சேர்ந்து விழும்படி பென்சில் கோடு போடுங்கள். வெளியே எடுத்து, கோட்டைக் கோட்டோடு பொருத்தி, மேசைமேல் வைத்து நிதானமாக அளங்கள். உடனே சீட்டில் எழுதுங்கள், மாடி இறங்கி வருவதற்குள் மறந்துபோகும்.

கழிக்கவும் பாதியாக்கவும் பின்னம் வர மாட்டேங்குது. சுலபமா வழி இருக்கா?

நூலில் வைத்துக் கழியுங்கள். கடன் வாங்க வேண்டி வந்தால் 10 அல்ல, 8 வாங்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். சரியாக 15 இன்ச்சிலிருந்து 1 நூல் போனால் 14 இன்ச் 7 நூல். 20 இன்ச் 1 நூலிலிருந்து 3 நூல் போக வேண்டுமானால், 19 இன்ச் 9 நூல் என்று வைத்துக்கொண்டு கழித்தால் 19 இன்ச் 6 நூல்.

பாதியாக்குவது, சுவரில் படம் மாட்ட நடு இடம் பார்க்கும்போது வரும். 23 இன்ச் 5 நூல் என்றால், 23-இன் பாதி 11 இன்ச் 4 நூல், 5 நூலின் பாதி இரண்டரை நூல். சேர்த்தால் 11 இன்ச் ஆறரை நூல். டேப்பில் முக்காலைத் தாண்டி ஒரு குட்டைக் கோடு. சரியா என்று பார்க்க இரண்டு ஓரத்திலிருந்தும் அதே அளவு வைத்துப் பாருங்கள், இரண்டு கீறலும் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

14.2 னு எழுதிக் கொடுத்தேன். கடையில வெட்டினது பொருந்தல. என் தப்பா, கடைக்காரர் தப்பா?

அந்தப் புள்ளியின் தப்பு. நீங்கள் 14 இன்ச் 2 நூல் என்ற எண்ணத்தில் எழுதியிருப்பீர்கள், அது 14¼. தசமமாகப் படிப்பவர் அதை 14 இன்ச்சும் பத்தில் இரண்டும் என்று எடுப்பார், அது ஒன்றரை நூலுக்குச் சற்று மேல். இதிலாவது வித்தியாசம் அரை நூலுக்குள் அடங்கும். 14.5 என்று எழுதினால் ஒருவருக்கு அது 5 நூல், இன்னொருவருக்கு பதினாலரை, அதாவது 4 நூல். ஒரு முழு நூல் போய்விட்டது.

போனில் கால்குலேட்டர் போடும்போதும் இதே குழி. 1 நூல் என்பது 0.125. 5 நூல் 0.625, 0.5 அல்ல.

சீட்டில் புள்ளியே வைக்காமல் "14 இன்ச் 1 நூல்" என்று எழுத்தில் எழுதுங்கள். அகலம், உயரம் என்று பெயரும் போடுங்கள். இது பள்ளத்தின் அளவா, 1 நூல் கழித்த பிறகு உள்ள அளவா என்பதையும் ஒரு சொல்லில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்களும் கழித்து, நானும் கழித்து, கண்ணாடி ஆடும்.

மி.மீ. பக்கத்துல எடுத்தா இந்தத் தொல்லையே இல்லையே?

உண்மைதான். மி.மீ.யில் அளந்து மி.மீ.யிலேயே எழுதிக் கொடுத்தால் நான் மகிழ்ச்சியோடு வெட்டுவேன். தொல்லை வருவது பாதி வழியில் மாற்றும்போது. ஒரு இன்ச் சரியாக 25.4 மி.மீ., ஒரு நூல் 3.175 மி.மீ. பலர் நூலுக்கு 3 என்று வைத்துப் பெருக்குகிறார்கள். ஒன்றிரண்டு நூலுக்குப் பரவாயில்லை. 8 நூலை 24 மி.மீ. என்று வைத்தால் இன்ச்சுக்கு 1.4 மி.மீ. போகும், 14 இன்ச் அகலத்தில் அது ஏறக்குறைய 20 மி.மீ. நம் கணக்கின் 14 இன்ச் 1 நூல் என்பது 359 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, 20 இன்ச் 5 நூல் என்பது 524-க்குக் கொஞ்சம் குறைவு. கண்ணாடிக்கு 358, 523 என்று கீழே இறக்கித்தான் எழுத வேண்டும், மேலே ஏற்றக் கூடாது.

ஆனால் ஆசாரியும் ஹார்டுவேர் கடையும் நூலில்தான் பேசுவார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்தால் புரியும் அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

12-க்கு அப்புறம் மறுபடி 1, 2 னு வருது. டேப் கோளாறா?

இல்லை. அது ஒரு அடி முடிந்து இரண்டாவது அடி தொடங்கும் டேப். வேறு சில டேப்பில் 13, 14 என்று தொடரும். முதல் வகையில் 8 என்று படிப்பதற்கு முன் பின்னால் எத்தனை அடிக்குறி கடந்திருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடிக்கு எல்லாவற்றையும் இன்ச்சாக்கியே எழுதுங்கள்.

தையல் டேப் போதாதா?

போதாது. இழுத்தால் நீளும், நாளானால் தளரும். ஜாக்கெட்டுக்கு ஒரு நூல் போனால் பிரித்துத் தைக்கலாம்.

கதவும் ஜன்னலும் மழைக்காலத்துல இறுகிடுது. அப்ப எடுத்த அளவு சரியா இருக்குமா?

கண்ணாடிக்குப் பெரிய வித்தியாசம் வராது. மரம் ஊதுவது இழைக்குக் குறுக்கே, நீளவாக்கில் மிகக் கொஞ்சம். சட்டத்தின் நீளம் அப்படியே இருக்கும், மரத்தின் அகலம்தான் கூடும். அதற்குத்தான் அந்த ஒரு நூல் இடைவெளி.

கதவு வேறு. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய மழை. கூடலூர், ஊட்டிப் பக்கம் ஆனி, ஆடியில். அந்தச் சமயத்தில் பலகைக் கதவு முட்டுகிறது என்று அப்போதே 2 நூல் இழைத்துத் தள்ளினால், பங்குனி வெயிலில் அந்த 2 நூலும் அதற்கு மேலும் இடைவெளியாகத் திறந்துகொள்ளும். முட்டும் இடத்தை மட்டும் அரை நூல் இழைத்துவிட்டு, வெயில் காலத்தில் மறுபடி அளந்து பாருங்கள்.

வெட்டி வந்த கண்ணாடி அரை நூல் பெருசா இருக்கு. தட்டி இறக்கிடலாமா?

கூடாது, மூலையில் தொடங்கி விரிந்துவிடும். 4 மி.மீ. கண்ணாடியில் அரை நூலை வெட்டி எடுக்கவும் முடியாது. கண்ணாடியின் தடிமனைவிட ஒல்லியான கீற்று ஒழுங்காகப் பிரியாது, பல்லுப் பல்லாக உடையும். தேய்த்துத்தான் குறைக்க வேண்டும், அதற்குக் கடைக்குக் கொண்டுவாருங்கள்.

அதற்கு முன் பள்ளத்தின் மூலைகளை இன்னொரு முறை உளியால் சுரண்டிப் பாருங்கள். பத்தில் ஏழு தடவை அங்கேதான் பழைய லப்பமோ, தலை ஒடிந்த ஆணியோ இருக்கும்.